"உனக்கு அரை நாள் வேலைதானே": சும்மா செய்து தரக் கேட்கும் நண்பனுக்கு எந்த மறுமொழி?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சின்ன நிறுவனம் நடத்தும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைக் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணை, கூட்டாளி ஒருத்தன் புதுசா ஒரு சாமான் இறக்கிறான். எல்லாத்தையும் சும்மா செய்து தா எண்டு கேக்கிறான். என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் அதற்குள் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

எனக்கு வந்த கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். புதுக்குடியிருப்பில் இருக்கும் என் நண்பன் கச்சான் அல்வா செய்து, கடைக்குக் கொடுக்கிற மாதிரிப் பைக்கற்றில் அடைத்து, வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு இறக்க நினைத்தான். நான் கிளிநொச்சியில் லேபல், பைக்கற் வடிவமைப்பு, விளம்பரப் படம் செய்யும் நிறுவனம் வைத்திருக்கிறேன். என்னோடு இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மாசி மாதம் ஒரு இரவு அவனிடமிருந்து வட்ஸ்அப் வந்தது:

"மச்சான், அல்வாவைப் பொங்கலுக்கு இறக்கப்போறன். உன்ர பிள்ளையளை வச்சு லேபல், பேஸ்புக் பேஜ், நாலைஞ்சு படம், ஒரு சின்ன வீடியோ செய்து தா. காசு இப்ப இல்லை. உனக்கு இது அரை நாள் வேலைதானே."

இவன் எனக்கு யார் என்பதையும் சொல்லவேண்டும். 2009இல் செட்டிகுளத்து முகாமில் எங்களுக்கு இடம் கிடைக்காத முதல் நாட்களில், தன் வீட்டுக்காரர் படுத்திருந்த தறப்பாளில் பாதியை என் அம்மாவுக்கு விட்டவன். வன்னியில் இப்படி ஒரு கடன் இல்லாத நட்பு குறைவு. அதனால் "தொழில் வேறு, நட்பு வேறு" என்று ஒரு வரியில் முடித்துவிட எங்களால் ஏலாது. எந்த மறுமொழி நல்லது என்று பார்க்கும்போது இந்தக் கடனையும் தராசில் வைக்கத்தான் வேண்டும்.

## எதை வைத்து நிறுப்பது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, கொடுக்கப்போவது யாருடைய நேரம்? என்னுடையதா, என் பிள்ளைகளுடையதா? இரண்டாவது, இந்த மறுமொழி கிடைத்த பிறகு அவன் தன் திகதிக்குள் வேறு வழி தேட நேரம் இருக்குமா? மூன்றாவது, வேலையில் பிழை வந்தால் அதன் செலவு யார் தலையில் விழும்? நான்காவது, ஒரு வருடம் கழித்து அவன் வீட்டு வாசலில் நான் தயங்காமல் செருப்பைக் கழற்றுவேனா?

காசு இதற்குள் எங்கே என்று கேட்பீர்கள். காசு முதல் கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எந்த மறுமொழியும் எழுதக்கூடாது.

## "அரை நாள்" எத்தனை மணித்தியாலம்

அன்று இரவே ஒரு தாளில் எழுதினேன். 80 கிராம், 200 கிராம் என்று இரண்டு அளவுக்கு மூன்று மொழியில் லேபல்: 18 மணித்தியாலம். பரந்தன் சந்தியால் திரும்பி ஏ35 வீதியில் புதுக்குடியிருப்புக்குப் போய்ப் படம் எடுத்து, வந்து திருத்துவது: 8. பேஜ் திறந்து, பொங்கல் வரைக்கும் மூன்று கிழமைக்குப் பதிவு போடுவது: 16. வீடியோ: 12. அச்சகத்தோடு போய்வருவதும் திருத்தமும்: 8. மொத்தம் 62 மணித்தியாலம்.

லேபலுக்கு ஏன் 18 என்று நண்பர்கள் நம்பமாட்டார்கள். படம் கீறுவது அதில் கால்வாசிதான். மிச்சம் எழுத்தில் போகும். உள்ளடக்கப் பொருட்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை, செய்பவரின் பெயர், விலாசம், கச்சான் ஒவ்வாதவர்களுக்கான எச்சரிக்கை எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் வாசிக்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும். சிங்கள வரிகளைச் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. நாங்கள் யுனிகோட்டில் அடித்துக் கொடுத்தால் அங்கே கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். அதனால் எல்லா எழுத்தையும் கீறிய வடிவமாக மாற்றித்தான் கோப்பை அனுப்பவேண்டும். அப்படி மாற்றிவிட்டால் அதற்குப்பிறகு ஒரு சொல்லைத் திருத்தவும் மூலக் கோப்புக்குத் திரும்பிப் போகவேண்டும். திகதி முத்திரை குத்தும் இடத்தில் மினுக்கம் பூசாமல் விடச்சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மை காயாமல் விரலோடு வந்துவிடும்.

இனி ஒரு மணித்தியாலம் எனக்கு என்ன விலை? ஒரு பிள்ளைக்குச் சம்பளம் 60,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 9,000. கடை வாடகை, கரண்ட், இணையம், கணினித் தேய்மானத்தில் அந்தப் பிள்ளையின் பங்கு 15,000. கூட்டினால் மாதம் 84,000. மாதத்தில் 200 மணித்தியாலம் வேலைக்கு வந்தாலும், வாடிக்கையாளரிடம் பில் போடக்கூடிய மணித்தியாலம் 120ஐத் தாண்டுவதில்லை. கோப்புத் தேடுவதும், தொலைபேசியும், கரண்ட் போய் வருவதும் மிச்சத்தைச் சாப்பிடும். 84,000ஐ 120ஆல் பிரித்தால் 700 ரூபா. இதில் என் சம்பளமும் இல்லை, லாபமும் இல்லை. வெறும் அடக்கவிலை.

62ஐ 700ஆல் பெருக்க 43,400 ரூபா. அவன் கேட்டது இதைத்தான். கேட்கும்போது அவனுக்கு இது தெரியாது, எனக்கும் தாளில் எழுதும் வரைக்கும் தெரியாது. அவன் அநியாயம் கேட்கிறான் என்று நினைக்கத் தேவையில்லை. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு எங்கள் தொழில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும்.

## மறுமொழி 1: "பாப்பம் மச்சான்"

அதிகம் சொல்லப்படுவது இது. உண்மையில் இதுவும் ஒரு "இல்லை"தான், ஆனால் கேட்பவனுக்கு அது "ஓம்" என்று கேட்கும்.

அன்றைக்குச் செலவே இல்லாத மாதிரி இருக்கும். முகம் கறுக்காது. ஆனால் அவன் திகதியைத் தின்பது இந்த மறுமொழிதான். நிறத்தில் அடிக்கும் ஒட்டி லேபலுக்கு அச்சகம் எங்களிடம் கேட்பது பத்து நாள், பொங்கல் நெருங்கினால் இன்னும் கூட. நான் பங்குனி முழுக்கப் "பாப்பம்" என்று இழுத்து, சித்திரைக் கடைசியில் "ஏலாது" என்றால், அவன் வேறு ஒருவரிடம் போய் அவசர விலை கொடுக்கவேண்டி வரும். இலவசமாகக் கேட்டவன் கடைசியில் இரண்டு மடங்கு கொடுப்பான், அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

இன்னொரு செலவும் இருக்கிறது. இழுத்தால் மனச்சாட்சி குத்தும். குத்தினால் இரவில் நாங்களே செய்யத் தொடங்குவோம். எனக்கு அது நடந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் இன்னொரு நண்பனின் மோர்மிளகாய்ப் பைக்கற்றுக்கு இப்படித்தான் "பாப்பம்" என்று சொல்லி, காசு தரும் வேலைகள் முடிந்த பிறகு இரவு பதினொரு மணிக்குப் பிறகு செய்தேன். பழைய லேபல் ஒன்றின் கோப்பைத் திறந்து அதற்கு மேலேயே வேலை செய்தேன். அந்தக் கோப்பில் "தேறிய நிறை 100 கிராம்" என்று இருந்தது. அவனுடைய பைக்கற் 80 கிராம். தமிழ் வரியில் மாற்றினேன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றவில்லை. பகலில் செய்திருந்தால் என் பிள்ளைகளில் ஒருவர் பார்த்திருப்பார். 3,000 லேபல் அடித்தாயிற்று. வவுனியாவில் ஒரு கடைக்காரர்தான் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முழுப் பெட்டியையும் திருப்பினார். லேபல் ஒன்று ஆறரை ரூபா, 19,500 ரூபா குப்பைக்குப் போனது. பில் இல்லாத வேலை என்றபடியால் அச்சுக்கு முன் அவனிடம் கையெழுத்து வாங்கவும் இல்லை. யார் கட்டுவது என்று இருவருக்கும் கேட்க வாய் வரவில்லை. பாதியை நான் கொடுத்தேன். மீதிப் பாதியை அவன் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் தரவுமில்லை.

இந்த மறுமொழி பொருந்துகிற நிலைமை ஒன்றே ஒன்று: உண்மையிலேயே கணக்குப் பார்க்க ஒரு இரவு தேவை. அப்படியானால் நாளைப் போட்டுச் சொல்லவேண்டும். "நாளைக்கு இரவுக்குள்ள சொல்லுறன்" என்பது வேறு, "பாப்பம்" என்பது வேறு.

## மறுமொழி 2: நேராக "ஏலாது"

முதல் வரியிலேயே இல்லை, ஒரே ஒரு காரணம், அவ்வளவுதான்.

"மச்சான், அல்வா இறக்கிறது கேட்டுச் சந்தோசம். ஆனா இந்த வேலையை என்னால செய்து தர ஏலாது. பிள்ளையளின்ர நேரத்தை நான் ஒருத்தருக்கும் சும்மா குடுக்கிறதில்லை, என்ர அக்காவின்ர கடைக்கும் அப்பிடித்தான். பொங்கலுக்கு நாள் கிடக்கு, இப்பவே வேற ஆளைப் பிடி."

இதில் காரணத்தைத் தெரிவதுதான் சிக்கல். பலரும் "நேரமில்லை" என்று எழுதுவார்கள். நேரம் பேரம் பேசக்கூடிய பொருள். "அப்ப இரவில செய்", "அப்ப சித்திரைக்குப் பிறகு செய்", "அப்ப லேபலை மட்டும் செய்" என்று மூன்று கதவு உடனே திறக்கும், மூன்றையும் மூடவேண்டி வரும். "இப்ப வேலை கூட" என்று சொன்னவனின் கடை வாசலில் அடுத்த கிழமை நண்பன் வந்து நின்று, பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டால் அது பொய்யாகவும் ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு வழக்கத்தைக் காரணமாகச் சொன்னால் அது அவனை மட்டும் ஒதுக்குவதாகத் தெரியாது. ஆனால் அந்த வழக்கம் உண்மையாக இருக்கவேண்டும். சொந்த அக்காவுக்குச் சும்மா செய்துவிட்டு நண்பனுக்கு இந்த வரியை அனுப்பக்கூடாது. புதுக்குடியிருப்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் எந்தக் கதையும் ஒரு நாளுக்கு மேல் தங்காது.

நான்கு கேள்வியில் மூன்றுக்கு இது நன்றாக நிற்கும். பிள்ளைகளின் நேரம் காப்பாற்றப்படும், அவன் திகதி தப்பும், பிழைக்கு இடமே இல்லை. நான்காவதில்தான் தடக்கும். தறப்பாளில் பாதி தந்தவனுக்கு நான்கு வரியில் மறுப்பு எழுதினால், அவன் வீட்டார் அதை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் வெறும் அறிமுகம், அல்லது ஏற்கெனவே ஒருமுறை சும்மா வாங்கிக்கொண்டு போனவர், அல்லது கேட்ட திகதிக்கு எந்த விலைக்கும் முடிக்க ஏலாது என்றால் இதைவிட நல்ல மறுமொழி கிடையாது. எங்கள் பக்கத்தில் இதை முதலில் எழுத்தில் அனுப்பவும் கூடாது. தொலைபேசியில் குரலால் சொல்லிவிட்டு, அதே வரியைப் பிறகு எழுதி அனுப்பவேண்டும். குரல் மனதுக்கு, எழுத்து ஞாபகத்துக்கு.

## மறுமொழி 3: சும்மா ஏலாது, இந்த விலைக்கு ஏலும்

இதில் மறுப்பு வேலைக்கு இல்லை, இலவசத்துக்கு மட்டும்.

பலர் இங்கே செய்யும் பிழை, முழு வேலையையும் வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பது. 62 மணித்தியால வேலையைப் 15,000க்கு ஒத்துக்கொண்டால் நண்பனுக்கு அது பெரிய காசு, எனக்கு 28,400 நட்டம். இருவருமே கொடுத்ததாக நினைப்போம், இருவருக்கும் குறை இருக்கும். விலையை அப்படியே விட்டு வேலையைக் குறைக்கவேண்டும். பொங்கலுக்கு இறக்க அவனுக்குக் கட்டாயம் தேவை எது? லேபல் மட்டுமே. அது இல்லாமல் கடைக்காரர் தட்டில் வைக்கமாட்டார். பேஜும் வீடியோவும் இல்லாமலே அல்வா விற்கும், வற்றாப்பளையில் சனம் பைக்கற்றைப் பார்த்து வாங்கும். லேபலும் அச்சக வேலையும் 26 மணித்தியாலம், அடக்கவிலை 18,200 ரூபா. வெளியாருக்கு நான் இதற்கு 28,000 போடுவேன்.

நண்பனுக்கு அடக்கவிலையில் கொடுக்கலாம். விடுவது என்னுடைய லாபம், அதை விட எனக்கு உரிமை இருக்கிறது. பில்லில் மட்டும் 28,000 என்று முழுவிலையைப் போட்டு, அடுத்த வரியில் கழிவு 9,800 என்று காட்டவேண்டும். வெறும் 18,200 என்று எழுதினால் அடுத்த மாதம் அவன் மச்சான் முறையான ஒருவர் தேன் போத்தலோடு வந்து, "அவனுக்குச் செய்த விலைக்கு எனக்கும்" என்பார். கழிவு வரி இருந்தால் அந்தப் பேச்சு எழாது. பாதிக்காசு முன்பணம், திருத்தம் இரண்டு முறை, இன்ன திகதிக்குள் முழு எழுத்தும் தரவேண்டும், அச்சுக்கு முன் மாதிரியில் அவன் கையெழுத்து. கடைசி நிபந்தனைதான் மோர்மிளகாயில் எனக்கு இல்லாமல் போனது. காசு வாங்கும் வேலையில் அது இயல்பாக வரும், சும்மா செய்யும் வேலையில் கேட்க வெட்கமாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு மிச்சப் பாதிப் பணத்தில் இருக்கிறது. நண்பனிடம் கடன் கேட்டுப்போவது வெளியாரிடம் கேட்பதைவிடக் கடினம். அதனால் அச்சகத்துக்குக் கோப்பு போகும் நாளும் மீதிப்பணம் வரும் நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நண்பனிடம் கொஞ்சமாவது காசு இருந்து, எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் நிற்கிறான் என்றால் இது பொருந்தும். கையில் ஒரு சதமும் இல்லாதவனுக்கு இதைச் சொன்னால் அது மறுமொழி 2ஐ நீட்டிச் சொன்ன மாதிரித்தான்.

## மறுமொழி 4: விற்பனையில் ஒரு வீதம்

"காசு தர வேண்டாம், பங்கு தா." இது பெருந்தன்மையாகத் தெரியும், நண்பனே கூடச் சில நேரம் கேட்பான். நான் இதற்கு எதிர்.

கணக்கைப் பாருங்கள். 80 கிராம் பைக்கற்றைக் கடைக்கு 120 ரூபாவுக்குக் கொடுக்கிறான். கச்சான், சீனி, விறகு, பை, கூலி எல்லாம் 90. கையில் மிஞ்சுவது 30. விற்பனையில் 5 வீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது 6 ரூபா, அவனுக்கு மிஞ்சுவதில் ஐந்தில் ஒன்று. எனக்கோ 43,400 திரும்பிவர 7,234 பைக்கற் விற்கவேண்டும். மாதம் 400 விற்றால் பதினெட்டு மாதத்துக்கும் மேல். அவனுக்குப் பாரம், எனக்கு மெதுவான கடன்.

அதைவிடப் பெரிய தொல்லை, யார் எண்ணுவது? கச்சான் அல்வா வீட்டு முற்றத்தில் கிண்டப்படுகிறது. கோயில் திருவிழாவுக்கு எத்தனை பைக்கற் போனது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டன, ஈரம் பிடித்து எத்தனை திரும்பியது என்று கணக்குக் கேட்கும் ஆளாக நான் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். அவன் பிரதேச செயலகத்தில் பதிந்தது தனியாள் வியாபாரமாக இருந்தால் சட்டப்படி தருவதற்கு அதில் "பங்கு" என்று ஒன்று கிடையாது. 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனிக்குத்தான் பங்கு உண்டு. மற்றது, எழுதி வைக்காவிட்டால், வெறும் வாக்கு.

இருவரும் உண்மையிலேயே கூட்டு வியாபாரம் தொடங்க நினைத்து, அதை எழுத்தில் வைத்து, கணக்குப் புத்தகம் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது என்றால் இதைப் பேசலாம். மறுக்க முகமில்லாததால் மட்டும் இதைச் சொல்லக்கூடாது.

## மறுமொழி 5: நிறுவனம் செய்யாது, நான் ஒன்று செய்கிறேன்

தறப்பாள் கடனுக்கு வருகிறேன். அந்தக் கடன் என்னுடையது. என்னிடம் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கும் 2009இல் எட்டு வயதுகூட இல்லை, அவர்கள் அவனுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. என் கடனை அவர்களின் மணித்தியாலத்தால் கட்டினால் நான் கட்டியதாக ஆகாது. ஆனால் என் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது.

ஆகவே சும்மா கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் துண்டை மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்கிறேன். நான் தனியாகச் செய்யக்கூடியதா? ஒரே இருப்பில் முடியுமா? பிழைத்தால் அச்சுக்காசு வீணாகாதா? லேபல் செய்து கொடுப்பது இந்த மூன்றிலும் தோற்கும். லேபலில் வரவேண்டிய எழுத்தை அவனோடு உட்கார்ந்து எழுதுவிப்பது மூன்றிலும் வெல்லும். இரண்டு மணித்தியாலம் போதும். எழுத்து சரியாக இருந்தால் வேறு எந்த வடிவமைப்பாளரிடம் போனாலும் அவனுக்கு 18 மணித்தியால விலை வராது, வேலையில் பாதி முடிந்திருக்கும். மற்றது உடம்பு வேலை. பொங்கலன்று அவன் மேசையில் நிற்பது, பெட்டி இறக்குவது. அதற்கு நிறுவனம் தேவையில்லை, நண்பன்தான் தேவை.

மறைந்த செலவு எல்லை மீறுவதில். "எழுத்துத்தான் பார்த்தாய், அந்தப் பெயரைக் கொஞ்சம் வடிவா எழுதித் தாவன்" என்று தொடங்கும். அதனால் எவ்வளவு நேரம், எந்த நாள், எது இல்லை என்று மூன்றையும் ஒரே செய்தியில் சொல்லவேண்டும். நான் வாசித்துப் பார்த்தாலும் கடைசியில் சரி சொல்வது அவன்தான் என்பதையும் எழுதவேண்டும். சும்மா பார்த்த கண்ணுக்கும் பிழையில் பங்கு வரும்.

எந்தக் கடனும் இல்லாத இடத்தில் இந்த மறுமொழி தேவையில்லை. கேட்பவர் எல்லாருக்கும் இரண்டு மணித்தியாலம் கொடுக்கத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| மறுமொழி | யாருடைய நேரம் | அவன் திகதி | பிழைத்தால் | உறவு | எப்போது |
|---|---|---|---|---|---|
| "பாப்பம்" | கடைசியில் என் இரவு | கெடும் | இருவருக்கும் அடி, கேட்க வாய் வராது | மெல்லக் கசக்கும் | கணக்குப் பார்க்க ஒரு நாள் மட்டும் |
| நேராக "ஏலாது" | ஒருவருடையதும் இல்லை | தப்பும் | இடமில்லை | முதலில் நோகும் | அறிமுகமானவர், இரண்டாம் முறை கேட்பவர் |
| காசுக்கு, சுருக்கி | பிள்ளைகளின் நேரம், காசோடு | தப்பும் | கையெழுத்து வைத்தவர் பொறுப்பு | தெளிவு | கொஞ்சம் காசு இருப்பவர் |
| வீதம் | பிள்ளைகளின் நேரம், கடனாக | தப்பும் | சண்டை | கணக்குக் கேட்பவன் ஆவேன் | எழுதிய கூட்டு வியாபாரம் |
| என் கையால் ஒரு துண்டு | என் ஞாயிறு | தப்பும், வேறு ஆள் பிடித்தால் | குறைவு | நிற்கும் | கடன்பட்ட நட்பு |

## நான் அனுப்பியது

மூன்றையும் ஐந்தையும் சேர்த்தேன். அடுத்த நாள் மத்தியானம் முதலில் அழைத்துச் சொன்னேன். அவன் "ம்" என்று மட்டும் சொன்னான். பிறகு இதை எழுதினேன்:

"மச்சான், கதைச்சதை எழுதிவிடுறன். நீ கேட்ட முழு வேலையையும் சும்மா செய்து தர ஏலாது. கணக்குப் பார்த்தனான், 62 மணித்தியாலம் வருது, அது பிள்ளையளின்ர சம்பளம். அதைக் குடுக்க எனக்கு உரிமை இல்லை.

லேபல் மட்டும் வேணுமெண்டால் 18,200க்குச் செய்யலாம், என்ர லாபம் ஒண்டும் வேண்டாம். பாதி முதல்ல, மிச்சம் அச்சுக்குப் போற அண்டைக்கு. அதுவும் கஷ்டமெண்டால் வேற ஆளிட்டச் செய், நான் கோவிக்கமாட்டன். ஆனா பங்குனி முடியிறதுக்குள்ள முடிவெடு, பிறகு அச்சகத்தில நெருக்கம்.

எந்த ஆள் செய்தாலும், வாற ஞாயிறு காலமை பத்து மணிக்கு நான் வாறன். ரெண்டு மணித்தியாலம் இருந்து லேபல்ல வரவேண்டிய எழுத்து முழுக்க எழுதுவம். கடைசியாச் சரி பாக்கிறது நீதான். படம், பேஜ், வீடியோ நான் செய்யேல்லை. பொங்கலண்டைக்கு விடியக் காலமையே வந்து உன்ர மேசையில நிப்பன்."

"என்ர லாபம் வேண்டாம்" என்ற வரியை எழுதலாமா என்று கனநேரம் யோசித்தேன். கொடுக்கும்போது சொல்லிக்காட்டுவதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் 18,200 ரூபாவில் நான் உழைப்பதாக அவன் நினைப்பான். நினைத்துவிட்டால் அதைப் பிறகு அழிக்க ஏலாது. அதனால் விட்டேன்.

இரண்டு நாள் மறுமொழி இல்லை. நீலக்குறி மட்டும் விழுந்திருந்தது. அந்த இரண்டு நாளும் திரும்ப எழுதி விலையைக் குறைக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. இன்னொரு செய்தி அனுப்பினால் முதல் செய்தி பேரமாகிவிடும் என்பதால் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு படம் வந்தது. சமையல் தராசில் அவன் அல்வாத் துண்டு, மேலே கண்ணாடித் தாள் சுற்றி, எண் 84இல் நிற்கிறது. கீழே ஒரு வரி: "ஞாயிறு வாறாய் தானே? இதில பேப்பரின்ர நிறையும் சேருமோ?"

சேராது, தாளைக் கழற்றிவிட்டு வை, தேறிய நிறை என்றால் அல்வா மட்டும்தான் என்று எழுதினேன். சற்று நேரத்தில் அடுத்த படம் வந்தது. 79.